"இலை எடுப்பீங்களா, மாட்டீங்களா?": விறைத்துப்போன தமிழ் மின்னஞ்சலைச் சரிசெய்வது

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் எனக்கு வேலை. கோயம்புத்தூரில் இருக்கும் தலைமை அலுவலகம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அனுப்பும். அதைத் தமிழாக்கி, இலை எடை போடும் இடங்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. அங்கே அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவார்கள். யாராவது படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடுவார்கள்.

ஒரு ஐப்பசி மழையில் அப்படிப் போன கடிதம் ஒன்று. எங்களுக்கு வருடக்கணக்காக இலை தரும் பெரியவர் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைச் சுவரிலேயே இரண்டு முறை படித்தார். அப்புறம் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "எல்லாம் சரிம்மா. திங்கட்கிழமை இலை எடுப்பீங்களா, மாட்டீங்களா?"

அவர் கேட்ட ஒரே விஷயத்தைச் சொல்லத்தான் அந்தக் கடிதமே எழுதியது. அவசரத்தில் நான் செய்த அந்த மொழிபெயர்ப்பு இதுதான்:

> பொருள்: பச்சைத் தேயிலை கொள்முதல் அட்டவணையில் மாற்றம் தொடர்பாக
>
> அன்புள்ள மதிப்புமிக்க விநியோகஸ்தர்களே,
>
> இந்த மின்னஞ்சல் உங்களை நலமாகக் கண்டடையும் என்று நம்புகிறோம். வாடவைக்கும் தொட்டிகளில் மேற்கொள்ளப்பட இருக்கும் பராமரிப்புப் பணிகள் காரணமாக, அடுத்த வாரத்தின் திங்கட்கிழமை முதல் புதன்கிழமை வரை பச்சைத் தேயிலை இலைகளின் கொள்முதலானது தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படும் என்பது இதன் மூலம் உங்களுக்குத் தெரிவிக்கப்படுகிறது. வியாழக்கிழமை அன்று வழங்கப்படும் இலைகள், ஒரு தரப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்ட பின்னரே அவை ஏற்றுக்கொள்ளப்படும் என்பதைத் தயவுசெய்து கவனத்தில் கொள்ளவும். பருவமழையைக் கருத்தில் கொண்டு பொருத்தமான ஈரப்பதக் கழிவு பயன்படுத்தப்படும். தயவுசெய்து வெள்ளிக்கிழமை வரை உங்கள் எதிர்பார்க்கப்படும் அளவைத் தெரியப்படுத்தவும். நாங்கள் ஒன்றாக இணைந்து தரத்தை மேம்படுத்த வேண்டும். ஏதேனும் கேள்விகள் இருந்தால் எங்களைத் தொடர்புகொள்ளத் தயங்க வேண்டாம். ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம். உங்கள் புரிதலுக்கு முன்கூட்டியே நன்றி.
>
> சிறந்த வாழ்த்துகளுடன்

இலக்கணப்படி பெரிய பிழை எதுவும் இதில் கிடையாது. ஆபத்தே அதுதான். இதைத் திருத்தக் கொடுத்தால் பாதிப் பேர் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஒற்றைச் சரிபார்ப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் பாதி வாக்கியங்கள் அதற்குள் காணாமல் போயிருக்கும். கீழே உள்ளவை, இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் ஒவ்வொரு அறிகுறியாகப் பார்த்த வரிசையில் இருக்கின்றன.

அறிகுறி: படித்து முடித்தபின்னும் விஷயம் என்னவென்று தெரியவில்லை

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். "வாடவைக்கும் தொட்டிகளில்" என்று தொடங்கும் வாக்கியத்தில் மூச்சு எங்கே முட்டுகிறது? எனக்கு "கொள்முதலானது" என்ற இடத்தில் முட்டியது. அந்த இடம் வரையிலும் காரணம், நாள், பொருள் எல்லாம் வந்துவிட்டன. என்ன ஆகப்போகிறது என்பது மட்டும் வரவில்லை.

இதற்குக் காரணம் சொல்லின் வரிசை. ஆங்கிலத்தில் வினை எழுவாயை அடுத்து வந்துவிடும். கொள்முதல் நிறுத்தம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, எந்த நாள், எதனால் என்று வாலாக எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் கட்டிக்கொண்டு போகலாம். தமிழில் வினை கடைசியில் நிற்கும். அந்த வாலைத் தூக்கி முன்னால் வைத்தால், படிப்பவர் எல்லாச் சுமையையும் தலையில் வைத்துக்கொண்டு வினை வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து வந்து சேர்ந்தால், அங்கேயும் நின்றது "தெரிவிக்கப்படுகிறது". அது கடிதம் எழுதுவதைப் பற்றிய வினை. இலையைப் பற்றிய வினை அதற்கு முன்னால் "என்பது" என்ற சொல்லுக்கு அடியில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது.

திருத்தும் முறை எளிது. அந்தப் பெரியவர் தொலைபேசியில் "என்ன விஷயம்?" என்று கேட்டால் முதல் மூச்சில் என்ன சொல்வீர்கள்? "திங்கள், செவ்வாய், புதன் இலை எடுக்க மாட்டோம்." அதுதான் முதல் வாக்கியம். காரணத்துக்குத் தனி வாக்கியம். எப்போது மறுபடி எடுப்போம் என்பதற்கு இன்னொன்று. ஒரு ஆங்கில வாக்கியத்துக்கு ஒரு தமிழ் வாக்கியம்தான் என்று யாரும் சட்டம் போடவில்லை.

பொருள் வரியையும் இதோடு பார்த்துவிடுங்கள். "அட்டவணையில் மாற்றம் தொடர்பாக" என்றால் என்ன மாற்றம் என்று கடிதத்தைத் திறந்துதான் பார்க்க வேண்டும். அரசு அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் "தொடர்பாக" பொருந்தும், ஏனென்றால் அங்கே பொருள் வரி கோப்பில் சேர்ப்பதற்கு. சுவரில் ஒட்டும் கடிதத்தில் பொருள் வரியே செய்தியாக இருக்க வேண்டும்.

அறிகுறி: யார் செய்கிறார்கள் என்றே தெரியவில்லை

உலாவியிலோ வேர்டிலோ Ctrl+F அடித்து, தேடும் பெட்டியில் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்:

```
ப்படு
ப்பட்ட
ப்பட
```

மேலே உள்ள கடிதத்தில் எட்டு செயப்பாட்டு வினைகள் இருக்கின்றன. ஒரு பத்திக் கடிதத்துக்கு எட்டு! தேடும்போது "தெரியப்படுத்தவும்" என்பதும் அகப்படும். அது செயப்பாட்டு வினை இல்லை, விட்டுவிடலாம். மற்ற ஒவ்வொன்றையும் பார்த்து "யார்?" என்று கேளுங்கள். நிறுத்தி வைப்பது யார்? நாங்கள். இலையை வழங்குவது யார்? நீங்கள். பரிசோதிப்பது யார்? எடை போடும் இடத்தில் இருக்கும் எங்கள் ஆள். பதில் தெரிந்துவிட்டால் "படு" தேவையில்லை.

ஆங்கில அலுவலகக் கடிதத்தில் செயப்பாட்டு வினை மரியாதைக்காகவும் வரும், பொறுப்பை மறைக்கவும் வரும். தமிழில் அந்த மரியாதை வந்து சேராது. மறைப்பு மட்டும் வரும். "உங்கள் இலை ஏற்றுக்கொள்ளப்படாது" என்று படிப்பவருக்கு, முகம் தெரியாத யாரோ தன் மூட்டையைத் திருப்பி அனுப்புவதுபோல இருக்கும். "எடுத்துக்கொள்ள முடியாது" என்றால் அதே செய்திதான். ஆனால் பேசுவது யாரென்று தெரியும், போய்க் கேட்கவும் முடியும்.

"நாங்கள்" என்ற சொல்லை வாக்கியத்துக்கு வாக்கியம் எழுதிக்கொண்டிருக்கவும் வேண்டாம். "எடுக்க மாட்டோம்" என்பதில் இருக்கும் "ஓம்" யாரென்று சொல்லிவிடுகிறது.

யார் செய்தார்கள் என்பது உண்மையிலேயே முக்கியமில்லாத இடமும் உண்டு. அதற்கும் தமிழிலேயே பழைய வழி இருக்கிறது. செய்யப்படும் பொருளையே செய்ததுபோலச் சொல்வது வழக்குதான் என்று தொல்காப்பியம் ஒப்புக்கொள்கிறது. உரையாசிரியர்கள் அதற்குத் "திண்ணை மெழுகிற்று" என்று உதாரணம் காட்டுவார்கள். திண்ணை தானாக மெழுகிக்கொள்ளவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். நாம் இன்றைக்கும் "வேலை நடக்கிறது", "பணம் ஏறிவிட்டது", "விவரம் ஒட்டியிருக்கும்" என்று சொல்வது அந்த வழிதான். "பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்பட இருக்கின்றன" என்பதற்குப் பதில் "ரிப்பேர் வேலை நடக்கப்போகிறது" என்று எழுதினால் "படு" போய்விடும். "மேற்கொள்" என்ற வெற்று வினையும் கூடவே போய்விடும்.

அந்த வெற்று வினைகளின் மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு. மேற்கொள், உட்படுத்து, கருத்தில் கொள், கவனத்தில் கொள். ஒரு நல்ல வினையைப் பெயராக்கி, அதைத் தூக்கி நிறுத்த இதில் ஒன்றை முட்டுக் கொடுப்பது. "பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்ட பின்னரே" என்பது "பார்த்துவிட்டுத்தான்". மூன்று சொல் செய்த வேலையை ஒன்று செய்கிறது.

அறிகுறி: பணிவாக எழுதியது பணிவாகக் கேட்கவில்லை

ஆங்கிலக் கடிதத்தின் பணிவுச் சொற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தால், ஒன்றுகூட பணிவாக வந்து சேராது.

"தொடர்புகொள்ளத் தயங்க வேண்டாம்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். யார் தயங்கினார்கள்? அந்தப் பெரியவர் தயங்காமல் கடிதம் ஒட்டிய அரை மணி நேரத்தில் கூப்பிட்டுவிட்டார். "சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள்" என்று எழுதி, பக்கத்தில் எண்ணைப் போட்டால் போதும். எண்ணில்லாமல் தொடர்புகொள்ளச் சொல்வதுதான் உண்மையில் மரியாதைக் குறைவு. என் கடிதத்தில் எண் இல்லை.

"தயவுசெய்து" இன்னொன்று. ஆங்கிலத்தில் ஏவல் வினைக்கு மரியாதை விகுதி கிடையாது, அதனால் பக்கத்தில் ஒரு சொல் துணைக்குத் தேவை. தமிழில் "சொல்லுங்கள்" என்பதில் மரியாதை உள்ளேயே இருக்கிறது. அதன் மேல் "தயவுசெய்து" ஏறினால் ஒன்று கெஞ்சலாகும், இல்லாவிட்டால் "எத்தனை முறை சொல்வது" என்ற சலிப்பாகக் கேட்கும். கூடவே "கொள்ளவும்", "தெரியப்படுத்தவும்" என்ற "உம்" ஏவலையும் கவனியுங்கள். அது பலகைக்கான குரல்: "செருப்பை வெளியே விடவும்", "வரிசையில் நிற்கவும்". ஆளுக்கு ஆள் பேசும் குரல் "உங்கள்": வாருங்கள், சொல்லுங்கள். இரண்டில் எதை எடுத்தாலும் சரி, ஒரே கடிதத்தில் கலக்க வேண்டாம். நான் "உங்கள்" பக்கம், ஏனென்றால் இவர்களை நாளைக்கு நேரில் பார்க்க வேண்டியிருக்கிறது.

"உங்களை நலமாகக் கண்டடையும்" என்பதற்கு மாற்றே தேட வேண்டாம். மின்னஞ்சல் யாரையும் தேடிப்போய்க் கண்டடைவதில்லை. "வணக்கம்" போதும். "சிறந்த வாழ்த்துகளுடன்" என்று படித்தால் கல்யாணப் பத்திரிகை ஞாபகம் வருகிறது; "இப்படிக்கு" இருக்கிறது. "முன்கூட்டியே நன்றி" என்பது சம்மதம் கேட்காமலே சம்மதத்தை வாங்கிக்கொள்வது.

வருத்தம் தெரிவிக்கும் வரியில் மட்டும் கொஞ்சம் நின்று யோசித்தேன். "ஏற்பட்ட அசௌகரியம்" என்கிறது கடிதம். முதலில், அது இன்னும் ஏற்படவில்லை, அடுத்த வாரம்தான். இரண்டாவது, மூன்று நாள் பறிக்காமல் விடுவது விவசாயிக்கு அசௌகரியம் இல்லை, நஷ்டம். பறிக்கும் சுற்று தள்ளிப்போனால் கொழுந்து முற்றிவிடும். அதை ஒரு வழக்கமான சொற்றொடரில் தட்டிக்கழித்தால் கோபம்தான் வரும். என்ன சிரமம் என்று பெயர் சொல்லிவிட்டு, பொறுத்துக்கொள்ளச் சொல்வது நேர்மை.

அறிகுறி: "நாங்கள்" என்று படித்ததும் படிப்பவர் ஒதுங்கிக்கொள்கிறார்

"நாங்கள் ஒன்றாக இணைந்து தரத்தை மேம்படுத்த வேண்டும்." இதைப் படித்த ஒரு அண்ணன் என்னிடம் சொன்னது: "பண்ணுங்க, நல்லதுதானே." அவரைச் சேர்த்துக்கொண்டு சொன்ன வாக்கியம் என்பது அவருக்குத் தெரியவே இல்லை. தெரியாதது அவர் தவறில்லை. "நாங்கள்" என்றால் கேட்பவர் வெளியே. "நாம்" என்றால் உள்ளே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆகவே மூலத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, விஷயத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இலை எடுக்காதது, நனைந்த இலைக்கு எடையில் கழிப்பது, சிரமத்துக்கு வருந்துவது எல்லாம் நாங்கள். குன்னூர் ஏலத்தில் தூளுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும் என்பது நாம், ஏனென்றால் இலைக்கு நாங்கள் தரும் விலையும் அதைப் பார்த்துத்தான் ஏறும் இறங்கும். இதில் தலைகீழாகவும் ஒரு ஏமாற்று இருக்கிறது. "நாம் கழிவு போட வேண்டியிருக்கிறது" என்று எழுதினால், கழிப்பது நாங்கள், இழப்பது அவர்கள். அதற்கு "நாம்" போடுவது குறும்பு. விவசாயிகள் அதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

அறிகுறி: சொல் தமிழ்தான், ஆனால் இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை

"விநியோகஸ்தர்" என்பது வெறும் விறைப்பு இல்லை, நேரடித் தவறு. விநியோகஸ்தர் சரக்கை வாங்கி வெளியே விற்பவர். இவர்கள் எங்களுக்கு இலை தருபவர்கள். அகராதியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததை அவசரத்தில் எடுத்திருக்கிறேன். "இலை தரும் விவசாயிகள்" என்றால் யாருக்கும் குழப்பமில்லை.

"பச்சைத் தேயிலை இலைகள்" என்பதைக் கடையில் விற்கும் க்ரீன் டீ என்று ஒரு பையன் நினைத்துக்கொண்டான். நீலகிரிச் செய்தித்தாள்களில் இதற்குப் பசுந்தேயிலை என்று எழுதுவார்கள். எடை போடும் இடத்தில் வெறும் "இலை"தான், அதுவும் ஒருமையில். மூட்டை மூட்டையாக வந்தாலும் இலைதான், "இலைகள்" இல்லை. எடை போட்டு விற்கும் பொருளுக்குப் பெரும்பாலும் "கள்" ஒட்டாது. "ஒரு தரப் பரிசோதனை" என்பதில் உள்ள "ஒரு"வையும் இதே சாக்கில் எடுத்துவிடலாம். அது எண் சொல்ல வந்த சொல் இல்லை, ஆங்கிலத்தின் நிழல்.

வாடவைக்கும் தொட்டி? தொழிற்சாலைக்குள் எல்லோரும் ட்ரஃப் என்றுதான் சொல்கிறார்கள். தொட்டி என்றால் தண்ணீர்த் தொட்டிதான் கண்ணில் வரும். எதைப் போடலாம் என்று வெகுநேரம் யோசித்தபின்தான் புரிந்தது: அது எதன் பெயர் என்பது விவசாயிக்குத் தேவையே இல்லை. "இலை வாட்டும் இடத்தில் ரிப்பேர் வேலை" என்றால் ஏன் இலை எடுக்க முடியாது என்பது அவருக்கு விளங்கிவிடும். வாட்ட இடமில்லாமல் இலையை வாங்கிக் குவித்தால் சூடேறிக் கெட்டுப்போகும் என்று அவருக்கு நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அறிகுறி: சரளமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆளுக்கு ஒரு மாதிரி புரிந்துகொள்கிறார்கள்

இது மேலே உள்ள எல்லாவற்றையும்விட மோசம். சரளமாக்கிவிட்டால் பிழை இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும்.

"வெள்ளிக்கிழமை வரை தெரியப்படுத்தவும்." மூலத்தில் சொன்னது வெள்ளிக்கிழமைக்குள். "வரை" என்றால் அதுவரை தொடர்ந்து செய்வது. "குள்" என்றால் அதற்கு முன் ஒருமுறை செய்து முடிப்பது. ஆங்கிலத்தில் இவை இரண்டு வேறு சொற்கள், ஆனால் மொழிபெயர்க்கும் அவசரத்தில் இரண்டுக்கும் "வரை" என்றே கை போகிறது. "வெள்ளிக்குள்" என்று மாற்றினாலும் வெள்ளி சேர்த்தியா இல்லையா என்று சந்தேகம் வரும். "வெள்ளி மாலை 5 மணிக்குள்" என்று நேரம் போட்டால் அந்தச் சந்தேகம் போய்விடும்.

"அடுத்த வாரத்தின் திங்கட்கிழமை" என்பதை வெள்ளியன்று படித்தால் சிலருக்கு மூன்று நாள் கழித்து, சிலருக்குப் பத்து நாள் கழித்து. தேதியை எழுதுங்கள். "புதன்கிழமை வரை" என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வியாழன் காலையிலேயே வண்டி வரும் என்று நம்பிப் புதன் சாயங்காலமே பறித்து மூட்டை கட்டிவிட்டால்? ராத்திரி முழுக்க மூட்டைக்குள் கிடந்த இலை சூடாகிச் சிவந்துவிடும். அதனால் நாங்கள் எந்த நாள் எடுக்க மாட்டோம் என்று சொன்னால் மட்டும் போதாது, அவர் எந்த நாள் பறிக்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். ஆங்கில மூலத்தில் இந்த வரி இல்லை. கேட்டுவிட்டுச் சேர்த்தேன்.

கேட்காமல் தீராத இன்னொரு வரி "பொருத்தமான ஈரப்பதக் கழிவு". எவ்வளவு பொருத்தம்? எந்த இலைக்கு? இதை எவ்வளவு அழகான தமிழில் எழுதினாலும் விவசாயிக்குப் பதில் கிடைக்காது, ஏனென்றால் மூலத்திலேயே பதில் இல்லை. மொழிபெயர்ப்பவர் இங்கே செய்யக்கூடாதது இரண்டு: தானாக ஒரு அளவைப் போடுவது, "தகுந்த" என்று சொல்லை மாற்றிவிட்டுத் திருத்திவிட்டதாக நினைத்துக்கொள்வது. நான் கோயம்புத்தூருக்குத் தொலைபேசியில் கேட்டேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: தண்ணீர் சொட்டச் சொட்ட வரும் இலைக்கு மட்டும்தான் கழிவு, அளவை அந்தந்த இடத்தில் எழுதிப் போட்டுவிடலாம். கூடவே வியாழக்கிழமைப் பரிசோதனை அந்த ஒரு நாளுக்கு மட்டும்தானா என்றும் கேட்டேன். ஆமாம், மூன்று நாள் தள்ளிப்போன இலை முற்றியிருக்கும் என்பதற்காக அன்று மட்டும்.

அறிகுறி: திருத்தியது அளவுக்கு மீறிவிட்டது

விறைப்பை எடுக்கிறேன் என்று சிலர் "எடுக்க மாட்டோம்ங்க", "பாத்துக்கோங்க" வரை போய்விடுவார்கள். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு ஒருவர் பேசுவதற்கு அது சரி. சுவரில் ஒட்டும் கடிதத்தில், அதுவும் படுகு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, பள்ளியில் எழுத்துத் தமிழ் படித்தவர்கள் படிக்கும் இடத்தில், பேச்சொலியை அப்படியே எழுதினால் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும். சொல்லும் வரிசையும் பேச்சிலிருந்து வரட்டும், விகுதி எழுத்தில் உள்ளபடியே இருக்கட்டும்.

எல்லாக் கடிதத்துக்கும் இந்த வைத்தியம் செல்லாது. ஒப்பந்த வாசகம், வங்கிப் படிவம், அரசாணையை மேற்கோள் காட்டும் வரி போன்றவற்றில் சொல்லை மாற்றினால் பொருளும் மாறிவிடலாம். அவற்றை உள்ளபடி விட்டுவிட்டு, கீழே ஒரு வாக்கியத்தில் விளக்கம் எழுதுவதுதான் என் வழக்கம். தாலுகா அலுவலகத்துக்கு எழுதினால் "தெரிவித்துக்கொள்கிறேன்", "கேட்டுக்கொள்கிறேன்" எல்லாம் அந்த இடத்துக்கு இயல்பான தமிழ்தான்.

சரி, கடைசியில் போன கடிதம் இது:

> பொருள்: நவம்பர் 3, 4, 5 மூன்று நாளும் இலை எடுக்க மாட்டோம்
>
> நமது தொழிற்சாலைக்கு இலை தரும் விவசாயிகளுக்கு வணக்கம்.
>
> வருகிற திங்கள், செவ்வாய், புதன் (நவம்பர் 3, 4, 5) மூன்று நாளும் இலை எடுக்க மாட்டோம். இலை வாட்டும் இடத்தில் ரிப்பேர் வேலை நடக்கிறது. வியாழன் (நவம்பர் 6) முதல் வழக்கம்போல எடுப்போம். புதன்கிழமையே பறித்து வைக்க வேண்டாம். வியாழன் பறித்த இலையையே கொண்டுவாருங்கள்.
>
> மூன்று நாள் தள்ளிப்போவதால் சில தோட்டங்களில் இலை முற்றியிருக்கலாம். அதனால் வியாழன் ஒரு நாள் மட்டும், இலையைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்போம். தண்ணீர் சொட்டச் சொட்ட வரும் இலைக்கு மட்டும் எடையில் கழிவு உண்டு. எவ்வளவு என்று எடை போடும் இடத்தில் எழுதி ஒட்டியிருக்கும்.
>
> வியாழன் எத்தனை கிலோ வரும் என்று இந்த வெள்ளி மாலை 5 மணிக்குள் எடை போடுபவரிடம் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் வண்டி அனுப்ப முடியும்.
>
> பறிக்கிற நேரத்தில் மூன்று நாள் நிறுத்துவது உங்களுக்கு நஷ்டம் என்று தெரியும். இந்த ஒருமுறை பொறுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே உள்ள எண்ணில் கூப்பிடுங்கள்.
>
> இப்படிக்கு

"தரத்தை மேம்படுத்த வேண்டும்" என்ற வரி எங்கே என்று கேட்பீர்கள். "நாம்" போட்டு எழுதிப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. ஆனால் மூன்று நாள் இலை எடுக்க மாட்டோம் என்று சொல்லும் கடிதத்தில் தரத்தைப் பற்றி உபதேசம் எதற்கு என்று தோன்றியது. தலைமை அலுவலகத்தில் கேட்டுவிட்டு எடுத்துவிட்டேன்.

அனுப்புவதற்கு முன் எடை போடும் அண்ணனிடம் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். எங்கேயும் நிற்காமல் படித்தார். "சொட்டச் சொட்ட" வந்ததும் சிரித்தார்.

மறுநாள் அந்தப் பெரியவர் மறுபடியும் கூப்பிட்டார். "படிச்சேன்மா, புரிஞ்சுது. வியாழக்கிழமை வண்டி எத்தனை மணிக்கு வரும்?"

அதை எழுத மறந்திருந்தேன்.